அரவை இல்லாத மாதங்களின் கணக்கு: டெல்டா சர்க்கரை ஆலை ஒன்றின் காலாண்டு முடிவுகள் குறித்த நிகழ்வு ஆய்வு

பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனம் ஒவ்வொன்றும், ஆண்டின் கடைசிக் காலாண்டைத் தவிர மற்றவற்றில், காலாண்டு முடிந்து 45 நாட்களுக்குள் தன் நிதி முடிவுகளை வெளியிட வேண்டும் என்பது செபியின் 2015ஆம் ஆண்டுப் பட்டியலிடல் விதிமுறைகளில் உள்ள கட்டளை. கணக்கு எழுதுபவருக்கு இதில் வரும் சங்கடம் காலக்கெடு மட்டுமன்று. ஆண்டுக் கணக்கில் கேட்கத் தேவையே எழாத ஒரு கேள்வி காலாண்டில் ஒவ்வொரு செலவுக்கும் எழுகிறது: இந்தச் செலவு எந்த மூன்று மாதங்களுக்கு உரியது? மாதந்தோறும் ஒரே அளவில் வரும் சம்பளத்துக்கும் மின்கட்டணத்துக்கும் விடை எளிது. ஆண்டில் ஒருமுறை குவிந்து வரும் பழுதுபார்ப்பு, தீபாவளிக்கு முன் வழங்கப்படும் போனஸ், ஆண்டு லாபத்தின் மீது கணக்கிடப்படும் வரி ஆகியவற்றுக்குத்தான் மதிப்பீடு தேவைப்படுகிறது. மதிப்பீடு செய்வது என்பதைச் செலவை நான்கால் வகுப்பது என்று புரிந்துகொள்வதிலிருந்தே பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன.

இதை ஒரு சர்க்கரை ஆலையை வைத்துப் பார்க்கலாம். தஞ்சாவூர் மாவட்டத்தில், கொள்ளிடத்துக்குத் தெற்கே, பட்டியலிடப்பட்ட ஒரு நிறுவனம் நடத்தும் ஆலை என்று கொள்வோம். இது ஆய்வுக்காக அமைத்துக்கொண்ட மாதிரி. எந்த ஆலையையும் குறிப்பதன்று. எண்கள் பின்தொடர வசதியாக எளிமைப்படுத்தப்பட்டவை. சூழ்நிலையும் அதில் எழும் வாதங்களும் இந்தத் தொழிலில் கணக்கு பார்த்தவர்களுக்குப் பழக்கமானவை.

ஆலையின் ஆண்டும் கணக்கின் ஆண்டும்

இந்த ஆலை டிசம்பர் தொடக்கத்தில் அரவையைத் தொடங்கி ஏப்ரல் பாதியில் முடிக்கிறது. நிதியாண்டோ ஏப்ரலில் தொடங்குகிறது. ஆகவே முதல் காலாண்டில் இரண்டு வார அரவை, இரண்டாவதில் ஒன்றுமில்லை, மூன்றாவதில் ஒரு மாதம், நான்காவதில் முழு அரவை. ஆனால் விற்பனை இந்த வடிவத்தில் இருப்பதில்லை. எந்த மாதம் எவ்வளவு சர்க்கரை விற்கலாம் என்பதை மத்திய அரசின் மாதாந்திர ஒதுக்கீடு தீர்மானிப்பதால், கிடங்கில் உள்ள சர்க்கரை ஆண்டு முழுவதும் ஓரளவு சீராகவே வெளியேறுகிறது. கரும்புச் சக்கையை எரித்து உற்பத்தி செய்யும் மின்சாரமும் மொலாசஸும் அரவையோடு ஒட்டியே வருவதால், நான்காம் காலாண்டு மற்ற மூன்றையும் விடக் கொழுத்திருக்கும்.

ஏப்ரலில் கடைசி வண்டிக் கரும்பு இறங்கியபின் ஆலைக்குள் வேறொரு வேலை தொடங்குகிறது. அரவை உருளைகள் கழற்றப்பட்டு, தேய்ந்த பல்வரிசைகள் பற்றவைத்து நிரப்பப்பட்டு, கடைசலுக்குப் போகின்றன. பாய்லர் குழாய்கள் ஒவ்வொன்றாகச் சோதிக்கப்படுகின்றன. கொதிகலன் ஆய்வாளரின் சான்று புதுப்பிக்கப்படாமல் அடுத்த பருவத்துக்கு நெருப்பு மூட்ட முடியாது. ஆவியாக்கிகளில் படிந்த உப்புப் பாறை சுரண்டப்படுகிறது. ஜூலையில் ஆலைக்குள் போய்ப் பார்த்தால், ஓடும் இயந்திரம் என்று ஒன்றும் இருக்காது. உருளைகள் மரக்கட்டைகளின் மேல் வரிசையாகக் கிடக்க, ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையாளரும் ஆலைப் பொறியாளரும் அளவுப் புத்தகத்தில் கையொப்பமிட்டுக்கொண்டிருப்பார்கள். அந்த அளவுப் புத்தகம் இந்த ஆய்வில் பின்னால் மீண்டும் தேவைப்படும்.

நம் ஆலையில் இந்தப் பருவமில்லாக் காலப் பழுதுபார்ப்புக்கு ஆண்டுத் திட்டம் ரூ.12 கோடி. முதல் காலாண்டில் ரூ.4 கோடி, இரண்டாவதில் ரூ.7 கோடி, மூன்றாவதில் ரூ.1 கோடி என்று வேலை நடக்கிறது. நான்காம் காலாண்டில் ஆலை ஓடிக்கொண்டிருப்பதால் எதுவும் இல்லை.

நிதிப் பிரிவின் வரைவு

ஜூன் காலாண்டுக்கான வரைவில் நிதிப் பிரிவு பழுதுபார்ப்பாக ரூ.3 கோடியை மட்டும் செலவில் எழுதியிருந்தது. ஆண்டுத் திட்டத்தில் கால்பங்கு. செலவான ரூ.4 கோடியில் எஞ்சிய ரூ.1 கோடி ‘பிற நடப்புச் சொத்துகள்’ என்ற தலைப்பில் நின்றது. போனஸுக்கு ஒதுக்கீடே இல்லை. அதை மார்ச் மாதத்தில், ஆண்டு லாபம் தெரிந்தபின் மொத்தமாக எழுதுவது வழக்கம் என்றார்கள். பழுதுபார்ப்பும் போனஸும் கழிப்பதற்கு முந்தைய லாபம் ரூ.6 கோடி. ஆகவே வரிக்கு முந்தைய லாபமாக ரூ.3 கோடி வந்தது.

வரையறுக்கப்பட்ட மீளாய்வுக்கு வந்த தணிக்கையாளரிடம் நிதி மேலாளர் தன் தரப்பைச் சொன்னார். “சார், ஜூன்ல உருளையைக் கழட்டுறது ஜூன் மாச சர்க்கரைக்காக இல்லையே. டிசம்பர்லேருந்து வர்ற அரவைக்காகத்தானே? பலன் எப்பவோ செலவும் அப்பத்தானே வரணும்?”

இது எளிதில் தள்ளக்கூடிய வாதமன்று. சர்க்கரைத் தொழிலில் பருவமில்லாக் காலச் செலவைத் தள்ளிவைத்து, வரும் பருவத்தின் உற்பத்திச் செலவில் சேர்க்கும் வழக்கம் நெடுநாள் இருந்தது; காலாண்டு முடிவுகளின் அடிக்குறிப்புகளில் அதை வெளிப்படையாகவே எழுதுவார்கள். கணக்கியல் உலகிலும் இதற்கு ஒரு மரபு உண்டு. அமெரிக்காவில் 1973இல் வெளியான கணக்கியல் கோட்பாட்டு வாரியத்தின் 28ஆம் கருத்துரை, காலாண்டை ஆண்டின் ஒரு பகுதியாகவே கண்டது. ஆண்டுக்கொருமுறை வரும் பெரிய பழுதுபார்ப்பு இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட காலாண்டுகளுக்குத் தெளிவாகப் பயன்படுமானால் அதை அவற்றுக்கிடையே பகிரலாம் என்று அதையே எடுத்துக்காட்டாகச் சொன்னது. அங்கேகூட, வேலை நடக்கும் முன்பே மாதந்தோறும் ஒரு தொகையை ஒதுக்கிவைக்கும் முறை 2006இல் தடுக்கப்பட்டது.

இந்திய நிறுவனத்துக்குப் பொருந்துவது, இடைக்கால நிதி அறிக்கைக்கான இந்தியக் கணக்கியல் தரநிலையான இந்த் ஏஎஸ் 34. அது சர்வதேசத் தரநிலையான ஐஏஎஸ் 34இன் வழியில் வந்தது. அதன் பார்வை வேறு. காலாண்டின் கடைசி நாளை, ஆண்டின் கடைசி நாளைப் போலவே நடத்த வேண்டும் என்பது அதன் அடிப்படை. ஆண்டில் ஒழுங்கின்றி வரும் செலவை முன்கூட்டியோ தள்ளியோ எழுதலாம்; ஆனால் ஆண்டு முடிவிலும் அதே வகைச் செலவை அப்படி எழுதுவது சரியாக இருந்தால் மட்டுமே எழுதலாம். அந்த ‘மட்டுமே’ என்ற கட்டுப்பாட்டில்தான் நம் ஆலையின் வழக்கு முழுவதும் தொங்குகிறது.

செப்டம்பர் 30 என்ற சோதனை

தணிக்கையாளர் கேட்டது ஒரே கேள்வி. இந்த நிறுவனத்தின் நிதியாண்டு மார்ச்சில் முடியாமல், சர்க்கரைப் பருவ ஆண்டைப் போலச் செப்டம்பர் 30இல் முடிந்தால், அன்று ‘தள்ளிவைத்த பழுதுபார்ப்புச் செலவு’ என்று ஒரு சொத்தை இருப்புநிலைக் குறிப்பில் காட்ட முடியுமா? ஆவியாக்கியைச் சுரண்டிய கூலியை யாரும் திருப்பித் தரப்போவதில்லை. அதைத் தனியே விற்க முடியாது. அது இயந்திரத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்ததே தவிரப் புதிதாக எதையும் நிறுவனத்தின் கையில் தரவில்லை. அத்தகைய அன்றாடப் பராமரிப்பு ஆண்டு முடிவில் செலவாகவே எழுதப்படும். அப்படியானால் ஜூன் 30க்கும் அதுவே விதி. மார்ச்சில் ஆண்டை முடிக்கும் ஆலைக்கு இந்தக் கேள்வி ஆண்டு முடிவில் எழுவதேயில்லை என்பதால்தான் தவறு கண்ணில் படாமல் போகிறது: மார்ச் வருவதற்குள் தள்ளிவைத்தது எல்லாம் கரைந்துவிடுகிறது.

நிதி மேலாளருக்கு இன்னொரு வாதமும் இருந்தது. பழுதுபார்ப்பு உற்பத்திச் செலவுதானே, அதைச் சர்க்கரை இருப்பின் அடக்கவிலையில் சேர்க்கலாமே என்பது அது. சேர்க்கலாம்தான், ஆனால் சேர்வதற்குச் சர்க்கரை வேண்டும். இந்த் ஏஎஸ் 2 நிலையான உற்பத்திச் செலவுகளை இயல்பான உற்பத்தித் திறனின் அடிப்படையில், உற்பத்தியான பொருளின் மீதுதான் ஏற்றச் சொல்கிறது. ஜூலையில் உற்பத்தியே இல்லாதபோது ஏற்ற இடமில்லை. இனி வரப்போகும் சர்க்கரையின் பெயரில் செலவைக் காத்திருக்க வைக்க முடியாது. மார்ச் மாத இருப்பை மதிப்பிடும்போது, ஆண்டின் இயல்பான உற்பத்திக்கு ஏற்ப நிலையான செலவின் ஒரு பங்கு அந்தச் சர்க்கரையின் அடக்கவிலையில் வந்து சேரும். அது அரவை நடந்தபின் நான்காம் காலாண்டின் எண்ணுக்குள் நிகழ்வது. முதல் காலாண்டில் செலவைத் தள்ளிவைக்க அது உரிமை தராது.

முன்கூட்டி ஒதுக்குவதும் இதே காரணத்தால் நடக்காது. ஏப்ரலிலேயே ஒப்பந்தக்காரரிடம் ரூ.12 கோடிக்கு வேலை ஒப்பந்தம் கையெழுத்தாகியிருக்கலாம். கையெழுத்து மட்டும் கடப்பாட்டை உண்டாக்காது. இரு தரப்பும் இன்னும் தம் பங்கைச் செய்யவில்லை. கொதிகலன் சான்றுக்குச் சட்டக் கட்டாயம் இருக்கிறதே என்றால், கட்டாயம் பாய்லரை ஓட்டுபவருக்குத்தான். ஓட்டாமல் விட்டுவிடலாம், ஆலையையே விற்றுவிடலாம். அதாவது நிறுவனத்தின் எதிர்காலச் செயல் ஒன்றால் அந்தச் செலவைத் தவிர்க்க இன்னும் வழி இருக்கிறது. வழி இருக்கும்வரை அது திட்டம், கடப்பாடு அன்று. ஆலை ஓடாமல் இருக்குமா என்று பொறியாளர் சிரிக்கலாம், ஆனால் தரநிலை கேட்பது நிகழ்தகவையன்று, காலாண்டின் கடைசி நாளில் தப்பமுடியாத கடமை ஏற்பட்டுவிட்டதா என்பதை.

இவ்வளவும் சொன்னபின், ரூ.12 கோடியும் ஒரே தன்மையுடையதன்று என்பதையும் தணிக்கையாளர் பார்க்க வேண்டியிருந்தது. இரண்டாம் காலாண்டின் ரூ.7 கோடியில் ரூ.3 கோடி, உருளைகளின் வெளி உறையை முழுவதும் மாற்றியதற்கும் ஒரு பாய்லர் குழாய்த் தொகுதியைப் புதிதாகப் பொருத்தியதற்கும் ஆனது. அவை மூன்று ஆண்டு உழைக்கும் என்று பொறியாளர் மதிப்பிடுகிறார். இது பராமரிப்பன்று, உறுப்பு மாற்றம். இந்த் ஏஎஸ் 16இன்படி அதைச் சொத்தாக ஏற்று, பழைய உறுப்பின் எஞ்சிய மதிப்பை நீக்கிவிட்டு, பயன்பாட்டுக்குத் தயாரான நாளிலிருந்து தேய்மானம் எழுத வேண்டும். நம் கணக்கில் பழைய உறுப்புகள் முழுத் தேய்மானம் அடைந்தவை என்று கொள்வோம். அக்டோபர் தொடக்கத்தில் தயார் என்றால், ஆண்டுக்கு ரூ.1 கோடி வீதம், இந்த ஆண்டுக்கு ரூ.50 லட்சம் தேய்மானம்.

ஆகவே நிதி மேலாளரின் உள்ளுணர்வு ஒரு பகுதிக்குச் சரியே. பலன் பின்னால் வரும் செலவைப் பின்னால் எழுதலாம், அது தன் காலில் நிற்கும் சொத்தாக இருந்தால். வரைவிலோ இந்த ரூ.3 கோடியும் மற்றதோடு கலந்து, இந்த ஒரே ஆண்டின் நான்கு காலாண்டுகளில் கரைக்கப்பட்டிருந்தது. பரப்பக் கூடாததைப் பரப்பி, பரப்ப வேண்டியதை அவசரமாக முடித்துவிட்டது வரைவு.

பில் வராத வேலை

மதிப்பீடு உண்மையில் தேவைப்பட்ட இடம் வேறு. ஜூன் 30 வரை நடந்த வேலை ரூ.4 கோடி என்று எழுதினோமே, அது எப்படித் தெரிந்தது? ஒப்பந்தக்காரர் அதுவரை கொடுத்த பில்கள் ரூ.2.8 கோடிக்குத்தான். மீதி ரூ.1.2 கோடி அளவுப் புத்தகத்திலிருந்து வந்தது. எத்தனை மீட்டர் பற்றவைப்பு முடிந்தது, எத்தனை குழாய்கள் மாற்றப்பட்டன, கழற்றல் வேலை எத்தனை சதவீதம் என்று பொறியாளர் ஜூன் 30ஆம் தேதியிட்டுச் சான்றளித்த அளவுகளை ஒப்பந்த விலையால் பெருக்கி வந்த தொகை. பில் ஆகஸ்டில் வந்தபோது அது ரூ.1.26 கோடியாக இருந்தது. ரூ.6 லட்சம் வித்தியாசம் இரண்டாம் காலாண்டில் எழுதப்பட்டது. முதல் காலாண்டைத் திருத்தவில்லை. அப்போதிருந்த தகவலுக்கு அந்த மதிப்பீடு நியாயமானது என்பதால் அது பிழையாகாது. இந்தச் சிறு தொகையைக் கீழே வரும் எண்களில் தனியாகக் காட்டவில்லை. இரண்டாம் காலாண்டின் வேலைத்தொகைக்குள் அது அடங்கியதாகக் கொள்ளலாம்.

ஆண்டு முடிவில் இத்தகைய பில்களுக்காக ஏப்ரல், மே மாதங்கள் முழுவதும் காத்திருக்க நேரம் உண்டு. காலாண்டில் அந்த அவகாசம் கிடையாது. அதனால்தான் ஆண்டுக் கணக்கைவிட இடைக்கால அறிக்கையில் மதிப்பீட்டை அதிகம் நம்ப வேண்டியிருக்கும் என்பதைத் தரநிலையே ஒப்புக்கொள்கிறது. ஒப்புக்கொண்டாலும் ஒரு நிபந்தனை உண்டு: தகவல் நம்பத்தக்கதாக இருக்க வேண்டும். அளவுப் புத்தகத்தை எடுத்து, ஒப்பந்த விலையைப் பார்த்து, பெருக்கிச் சரிபார்க்க எவராலும் முடியும். திட்டத்தொகையை நான்கால் வகுத்ததைச் சரிபார்க்க எதுவுமே இல்லை.

போனஸ்: அக்டோபரில் கொடுப்பது யாருடைய செலவு?

போனஸில் நிலைமை தலைகீழ். பழுதுபார்ப்பில் இல்லாத சொத்தை எழுதப் பார்த்தார்கள். போனஸில் எழுந்துவிட்ட கடப்பாட்டை எழுதாமல் விட்டார்கள்.

தீபாவளிக்கு முன் தொழிலாளர் கையில் கிடைக்கும் போனஸ் சென்ற நிதியாண்டின் உழைப்புக்கானது. கணக்காண்டு முடிந்து எட்டு மாதங்களுக்குள் கொடுக்க வேண்டியது. சென்ற மார்ச்சில் சரியாக ஒதுக்கியிருந்தால், அக்டோபரில் பணம் போகும்போது லாப நட்டக் கணக்கில் எந்தச் சலனமும் இருக்கக் கூடாது. இந்த ஆண்டின் செலவு என்பது இந்த ஆண்டு நடக்கும் உழைப்புக்கு அடுத்த தீபாவளியில் கொடுக்கப் போவது. குறைந்தபட்சமான 8.33 சதவீதத்தைக் கொடுத்தே ஆக வேண்டும் என்பதால், தொழிலாளி ஏப்ரலில் வேலைக்கு வந்த நாளிலிருந்தே கடப்பாடு வளர்கிறது.

நம் ஆலையில் தொழிற்சங்கங்களோடு உள்ள ஒப்பந்தத்தில் ஒரு படி உண்டு: ஆண்டின் வரிக்கு முந்தைய லாபம் ரூ.15 கோடியைத் தாண்டினால் 12 சதவீதம், இல்லையென்றால் 8.33 சதவீதம். போனஸுக்குக் கணக்கில் எடுக்கப்படும் ஊதியம் ஆண்டுக்கு ரூ.8 கோடி, முதல் இரு காலாண்டுகளில் தலா ரூ.1.75 கோடி, மூன்றாவதில் ரூ.2 கோடி, பருவத் தொழிலாளர் முழுவதும் வேலையில் இருக்கும் நான்காவதில் ரூ.2.5 கோடி.

ஜூன் மாதத்தில் போனஸ் விகிதம் எது என்று தெரியாது; அது அடுத்த மார்ச்சின் லாபத்தைப் பொறுத்தது. மதிப்பீடு இங்கே தவிர்க்க முடியாதது. ஜூன் மாதக் கணிப்பின்படி ஆண்டு லாபம் ரூ.19 கோடியைத் தாண்டும் என்பதால், 12 சதவீதத்தை எடுத்து முதல் காலாண்டுக்கு ரூ.21 லட்சம் ஒதுக்கப்பட்டது. ஆண்டு போனஸான ரூ.96 லட்சத்தை நான்கால் வகுத்தால் ரூ.24 லட்சம் வரும். வித்தியாசம் சிறிதுதான். ஆனால் ரூ.21 லட்சம் அந்தக் காலாண்டில் நடந்த உழைப்பிலிருந்து வந்தது, ரூ.24 லட்சம் நாள்காட்டியிலிருந்து வந்தது.

இரண்டு காலாண்டுகள் திருத்தியபின்

இப்போது எண்களைச் சேர்த்துப் பார்க்கலாம். தொகைகள் ரூபாய் கோடியில்.

| | வரைவு: ஜூன் | வரைவு: செப். | திருத்தியது: ஜூன் | திருத்தியது: செப். |
|---|---|---|---|---|
| பழுதுபார்ப்பு, போனஸுக்கு முன் லாபம் | 6.00 | 3.00 | 6.00 | 3.00 |
| பழுதுபார்ப்பு | 3.00 | 3.00 | 4.00 | 4.00 |
| போனஸ் | இல்லை | இல்லை | 0.21 | 0.21 |
| வரிக்கு முந்தைய லாபம் / (நட்டம்) | 3.00 | 0.00 | 1.79 | (1.21) |

அரையாண்டில் வரைவு காட்டியது ரூ.3 கோடி லாபம், திருத்தியபின் ரூ.58 லட்சம். செப்டம்பர் காலாண்டு சமநிலையிலிருந்து நட்டத்துக்குப் போகிறது. இயக்குநர் குழுவில் யாரும் விரும்பாத எண் அது. ஆனால் கரும்பே அரைக்காத ஒரு காலாண்டில் ஆலை நட்டம் காட்டுவதில் வியக்க என்ன இருக்கிறது?

நட்டம் வந்ததும் வரிக் கேள்வி எழுந்தது. நட்டக் காலாண்டுக்கு வரி இல்லை என்று எழுதுவது இயல்பாகத் தோன்றும். வரி ஆண்டு வருமானத்தின் மீது விதிக்கப்படுவது. காலாண்டுக்கென்று தனி வரி கிடையாது. ஆகவே ஆண்டு முழுவதற்குமான சராசரிப் பயனுறு வரி விகிதத்தை மதிப்பிட்டு, அதை ஆண்டுத் தொடக்கத்திலிருந்து அன்றுவரையான லாபத்தின் மீது ஏற்ற வேண்டும். நிறுவனம் தேர்ந்தெடுத்துள்ள சலுகை விகிதம், கூடுதல் வரியும் செஸ்ஸும் சேர்ந்து 25.17 சதவீதம். சமூகப் பொறுப்புச் செலவான ரூ.40 லட்சம் வரிக் கழிவுக்குத் தகுதியற்றது என்பதால், ஆண்டுக்குக் கணித்த ரூ.19.54 கோடி லாபத்தின் மீது உண்மை விகிதம் ஏறத்தாழ 25.7 சதவீதமாகிறது. இதன்படி ஜூனில் வரி ரூ.46 லட்சம். செப்டம்பர் வரையான ரூ.58 லட்சம் லாபத்துக்கு வரி ரூ.15 லட்சம் மட்டுமே. எனவே இரண்டாம் காலாண்டில் ரூ.31 லட்சம் வரி வரவாகத் திரும்பி, நட்டம் ரூ.90 லட்சமாகக் குறைகிறது. நான்காம் காலாண்டில் லாபம் வரும் என்ற கணிப்பு நம்பத்தக்கதாக இருப்பதால்தான் இந்த வரவுக்கு இடம் உண்டு.

வருமானத்துக்கு இந்தச் சலுகை இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். நான்காம் காலாண்டில் மின்சாரம் விற்று வரப்போகும் பணத்தில் ஒரு பகுதியைச் செப்டம்பருக்கு இழுத்துவந்து நட்டத்தை மறைக்க வழியில்லை. பருவகால வருமானம் வரும்போது மட்டுமே எழுதப்படும்.

மூன்றாம் காலாண்டு: மழை

வடகிழக்குப் பருவமழை டெல்டாவில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும். நம் மாதிரியில் நவம்பர் கடைசியிலும் டிசம்பர் தொடக்கத்திலும் கனமழை. கரும்பு வயலில் தண்ணீர் நிற்கும்போது வெட்டுக் கூலியாட்கள் இறங்க முடியாது. இறங்கினாலும் அந்தக் களிமண்ணில் டிராக்டர் டிரெய்லர் ஏற முடியாது. டிசம்பர் முதல் வாரம் தொடங்கவேண்டிய அரவை மூன்று வாரம் தள்ளிப்போனது. பழுதுபார்ப்பும் போனஸும் கழிப்பதற்கு முந்தைய லாபமாக எதிர்பார்த்தது ரூ.2 கோடி, வந்தது ரூ.50 லட்சம். பயிர் சாய்ந்ததால் நான்காம் காலாண்டின் கணிப்பும் இறங்கி, ஆண்டு லாபம் ரூ.12 கோடிதான் என்று ஆனது.

ரூ.15 கோடி என்ற படி தவறிவிட்டது. போனஸ் விகிதம் இப்போது 8.33 சதவீதம். டிசம்பர் வரையான ஊதியம் ரூ.5.5 கோடி, அதற்கு உரிய போனஸ் ரூ.45.8 லட்சம். செப்டம்பர் வரை ஏற்கெனவே ஒதுக்கியது ரூ.42 லட்சம். ஆகவே மூன்றாம் காலாண்டில் எழுதவேண்டியது ரூ.3.8 லட்சம் மட்டும். முந்தைய இரு காலாண்டுகளைத் திருப்பி எழுதுவதில்லை. ஆண்டுத் தொடக்கத்திலிருந்து இன்றுவரை எவ்வளவு இருக்க வேண்டும் என்று பார்த்து, வித்தியாசத்தை நடப்புக் காலாண்டில் எழுதுவதே முறை. இதன் விளைவு கொஞ்சம் விசித்திரமானது. ஊதியம் கூடிய காலாண்டில் போனஸ் செலவு சுருங்கித் தெரிகிறது. அடிக்குறிப்பு இல்லாமல் பார்ப்பவர் ஆலையில் ஆட்குறைப்பு நடந்ததோ என்று நினைக்க இடம் உண்டு. மதிப்பீட்டு மாற்றம் முக்கியமானதாக இருந்தால் அதன் தன்மையையும் தொகையையும் வெளியிட வேண்டும் என்ற விதி இதற்காகத்தான்.

பழுதுபார்ப்பு ரூ.1 கோடி, தேய்மானம் ரூ.25 லட்சம், போனஸ் ரூ.4 லட்சம் கழித்தால் மூன்றாம் காலாண்டின் வரிக்கு முந்தைய நட்டம் ரூ.79 லட்சம். ஒன்பது மாதங்களுக்குச் சேர்த்து ரூ.21 லட்சம் நட்டம். பழைய வரைவு முறையில் இதே ஒன்பது மாதங்கள் ரூ.50 லட்சம் லாபம் காட்டியிருக்கும். போனஸ் முழுவதும் மார்ச்சுக்குக் காத்திருக்கும்.

வெளியிலிருந்து கண்டுபிடிப்பது எப்படி

பருவகாலத் தொழில் செய்யும் நிறுவனத்தின் முடிவுகளைப் படிப்பவர், பழுதுபார்ப்பு வரியில் நான்கு காலாண்டிலும் ஒரே தொகை இருந்தால் ஐயப்பட வேண்டும். காலாண்டு வடிவத்தில் அந்தச் செலவு தனியே தெரியாமல் ‘பிற செலவுகள்’ என்பதற்குள் மறைந்திருந்தால், செப்டம்பர் இருப்புநிலைக் குறிப்பு உதவும். அரையாண்டில் சொத்துகளும் பொறுப்புகளும் வெளியிடப்படுகின்றன. நம் வரைவின்படி செப்டம்பர் இறுதியில் செலவானது ரூ.11 கோடி, எழுதியது ரூ.6 கோடி; எஞ்சிய ரூ.5 கோடி ‘பிற நடப்புச் சொத்துகள்’ தலைப்பில் நின்றிருக்கும். மார்ச்சில் அது இருக்காது. சென்ற ஆண்டும் அதற்கு முந்தைய ஆண்டும் இதேபோல் செப்டம்பரில் வீங்கி மார்ச்சில் வற்றியிருந்தால், விளக்கம் கேட்க அதுவே போதும். திருத்திய கணக்கில் அதே நாளில் ரூ.3 கோடி ‘நடப்பிலுள்ள மூலதனப் பணி’யாகத் தெரியும்; அது மார்ச்சில் மறைவதில்லை, நிலைச் சொத்தாக மாறித் தேய்மானத்தோடு தொடரும்.

உள்ளே இருந்து பார்க்கும் தணிக்கையாளருக்கு வழி இன்னும் எளிது. ஸ்டோர்ஸிலிருந்து உதிரிப்பாகம் வெளியேறிய சீட்டுகளின் தேதிகளைப் பழுதுபார்ப்புக் கணக்கோடு ஒப்பிட வேண்டும். சீட்டுகள் மே முதல் செப்டம்பர் வரை குவிந்திருக்க, செலவு மட்டும் பிப்ரவரியிலும் அதே அளவில் ஓடினால் எங்கோ ஒரு பரப்பல் நடக்கிறது.

ஒரு காலாண்டை முந்தைய காலாண்டோடு ஒப்பிடுவது இந்தத் தொழிலில் பெரும்பாலும் பயனற்றது. சென்ற ஆண்டின் அதே காலாண்டோடுதான் ஒப்பிட வேண்டும். அதுவும் இரு ஆண்டுகளிலும் அரவை தொடங்கிய தேதியைக் கேட்டுக்கொண்டு. பருவத்தன்மை மிகுந்த தொழில்கள், காலாண்டு முடிவோடு அந்நாள்வரையான பன்னிரண்டு மாத எண்களையும் தரலாம் என்று இந்த் ஏஎஸ் 34 ஊக்குவிக்கிறது. கட்டாயம் இல்லாததால் அதைச் செய்பவர்கள் குறைவு. எனக்குத் தோன்றுவது, செலவைச் செயற்கையாகப் பரப்பிச் சீரான கோடு வரைய முயல்வதைவிட, அந்த ஒரு பத்தியைச் சேர்ப்பதற்கு ஆகும் உழைப்பு மிகக் குறைவு.

நான்காம் காலாண்டு

மார்ச் காலாண்டுக்கான எண் தனியாகப் பிறப்பதில்லை. தணிக்கை செய்யப்பட்ட ஆண்டு எண்ணிலிருந்து, ஏற்கெனவே வெளியிட்ட ஒன்பது மாத எண்ணைக் கழித்து வருவது அது. முடிவுகளின் அடிக்குறிப்பில் ‘சரிக்கட்டும் எண்’ என்றே எழுதுவார்கள். முதல் மூன்று காலாண்டுகளின் மதிப்பீட்டுத் தவறுகள் அத்தனையும் இங்கே வந்து சேர்கின்றன. கடைசிக் காலாண்டில் ஒரு மதிப்பீடு பெரிதாக மாறி, அந்தக் காலாண்டுக்குத் தனி அறிக்கை வெளியிடப்படாவிட்டால், அந்த மாற்றத்தின் தன்மையையும் தொகையையும் ஆண்டுக் கணக்கின் குறிப்பில் தர வேண்டும் என்று தரநிலை சொல்வது இதனால்தான்.

நம் ஆலை அந்த ஆண்டு ஜூன் முடிவுகளில் சேர்த்த அடிக்குறிப்பு மூன்று வாக்கியங்கள் கொண்டது. சர்க்கரை பருவத் தொழில் என்பதால் ஒரு காலாண்டின் முடிவு ஆண்டின் முடிவைக் குறிக்காது என்பது முதல் வாக்கியம். எல்லா ஆலைகளும் எழுதுவது. பருவமில்லாக் காலப் பழுதுபார்ப்பு நிகழ்ந்த காலாண்டிலேயே செலவாக எழுதப்பட்டுள்ளது, இந்தக் காலாண்டில் அது ரூ.4 கோடி என்பது இரண்டாவது. ஆண்டு லாபம் ரூ.15 கோடியைத் தாண்டும் என்ற கணிப்பில் போனஸ் 12 சதவீதத்துக்கு ஒதுக்கப்பட்டுள்ளது என்பது மூன்றாவது. ஆண்டு லாபக் கணிப்பை மறைமுகமாக வெளியே சொல்வதாகுமே என்று இயக்குநர் குழுவில் அந்த மூன்றாவது வாக்கியத்துக்கு எதிர்ப்பு வந்தது. அந்தத் தயக்கத்தில் நியாயம் உண்டு. கடைசியில் லாப வரம்பு நீக்கப்பட்டு, விகிதம் மட்டும் நின்றது. டிசம்பரில் அந்த விகிதம் 8.33ஆக மாறியபோது, காரணத்தையும் தொகையையும் சேர்த்து எழுத வேண்டியதாயிற்று.